விலை முன்னதோ, கிரயம் முன்னதோ?

முகாமைக் கணக்கீடு பயிலும் மாணவர் முதலிற் கற்கும் சமன்பாடு மிக எளியது. கிரயத்தோடு இலாபத்தைக் கூட்டினால் விலை வரும் என்பதே அது. இதனையே மாற்றி எழுதி, விலையிலிருந்து இலாபத்தைக் கழித்தால் கிரயம் வரும் எனவுங் கூறலாம். கணிதம் ஒன்றேயாதலின், இவ்விரண்டும் ஒரே கூற்றின் இரு வடிவங்கள் என மாணவர் பலர் கருதிவிடுகின்றனர். அக்கருத்துப் பிழையானது. முதலாவதிற் கிரயம் கொடுக்கப்பட்ட எண். விலை காணவேண்டிய எண். இரண்டாவதில் விலை சந்தையாற் கொடுக்கப்பட்டது, கிரயமே காணவேண்டியது. எதனை மாறாத உண்மையாகக் கொள்கின்றோம், எதனை முயன்று மாற்றலாம் எனக் கருதுகின்றோம் என்பதே இவற்றிடையுள்ள வேற்றுமை. முன்னையது கிரயத்தோடு இலாபங் கூட்டும் முறை. பின்னையது இலக்குக் கிரயமிடல் எனப்படும். இவ்விரண்டையும், இவற்றோடு தொடர்புடைய வாழ்க்கை வட்டக் கிரயமிடலையும் ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டும் முறையும் அதன் சுழலும்

நீர்ப்பம்பி செய்யும் தொழிற்சாலை ஒன்றைக் கற்பனை செய்து கொள்க. ஒரு பம்பிக்குரிய மூலப்பொருளும் கூலியும் முதலான மாறுங் கிரயம் 6,000 ரூபாய். அப்பம்பியின் பொருட்டு ஆண்டுதோறும் ஏற்படும் நிலையான கிரயம் 200 இலட்சம் ரூபாய். ஆண்டுக்கு 10,000 பம்பிகள் விற்கும் என்று முகாமையாளர் மதிப்பிடுகின்றனர். எனவே ஒரு பம்பியின்மேல் விழும் நிலையான கிரயம் 2,000 ரூபாய். முழுக்கிரயம் 8,000 ரூபாய். கிரயத்தின்மேல் 25 வீதம் இலாபங் கூட்ட, வியாபாரிக்கு விற்கும் விலை 10,000 ரூபாய் ஆகின்றது. எதிர்பார்த்த இலாபம் 200 இலட்சம்.

இக்கணக்கில் ஒரு குறைபாடு மறைந்து கிடக்கின்றது. 8,000 ரூபாய் என்னுங் கிரயம் 10,000 பம்பிகள் விற்றாலன்றி உண்மையாகாது. எத்தனை விற்கும் என்பதோ விலையைப் பொறுத்தது. விலையைக் காண்பதற்குக் கிரயம் வேண்டும். கிரயத்தைக் காண்பதற்கு விற்பனைத் தொகை வேண்டும். விற்பனைத் தொகையைக் காண்பதற்கு விலை வேண்டும். இவ்வாறு கணக்குத் தன்னைத்தானே சுற்றி வருகின்றது.

10,000 ரூபாய் விலைக்கு 8,000 பம்பிகளே விற்றன என்று கொள்க. நிலையான கிரயம் ஒன்றுக்கு 2,500 ரூபாயாக உயர, முழுக்கிரயம் 8,500 ரூபாயாகின்றது. இலாபம் 120 இலட்சமாகக் குறைகின்றது. முறையைப் பிசகாமற் பின்பற்றுங் கணக்காளர் அடுத்த ஆண்டு 25 வீதங் கூட்டி 10,625 ரூபாய் என விலை குறிப்பார். அவ்விலைக்கு 6,000 பம்பிகளே விற்குமாயின், இலாபம் 77½ இலட்சமாக வீழும். அதற்கடுத்த ஆண்டுக்குரிய விலை ஏறத்தாழ 11,667 ரூபாய் என்று அதே முறை விடை தரும். விற்பனை குறையக் குறைய விலையை ஏற்றும்படி கூறும் ஆலோசகனை எந்த வியாபாரியும் வைத்திருக்க மாட்டான். எனினும் கணக்கேட்டில் இருக்கும்போது அந்த ஆலோசனை நியாயமானதாகத் தோன்றிவிடுகின்றது.

இம்முறைக்கு வேறொரு தீங்கும் உண்டு. கிரயம் எவ்வளவாயினும் அது வாங்குபவரிடம் அறவிடப்படும் என்னும் நிலையில், கிரயத்தைக் குறைக்கும் ஊக்கம் மங்கிவிடுகின்றது. இலாபம் கிரயத்தின் வீதமாகவே கணிக்கப்படின், செலவு கூடக் கூட இலாபமுங் கூடும். இக்காரணத்தினாலேயே கிரயத்தின்மேல் வீதங் கூட்டிக் கொடுக்கும் ஒப்பந்தங்களை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய அரசு சட்டத்தினால் விலக்கியுள்ளது. கிரயத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தங்கள் அங்கு உண்டெனினும், அவற்றில் ஒப்பந்தகாரரின் ஊதியம் செலவோடு சேர்ந்து வளராதவாறு தனியாக வரையறுக்கப்படுகின்றது.

எனினும் கூட்டும் முறை எங்கும் பயனற்றது எனல் பொருந்தாது. ஒரே ஒரு முறை செய்யப்படும் வேலைக்கும், ஒப்பிடத்தக்க சந்தை விலை இல்லாத திருத்த வேலைக்கும் அது தகுந்த தொடக்கமாகும். பலர் போட்டியிட்டு விற்கும் பொருளுக்கு அதனைப் பயன்படுத்துவதே இடருக்குக் காரணம். அமெரிக்க முகாமை அறிஞரான பீற்றர் டிரக்கர் 1993இல் எழுதிய கட்டுரையொன்றில், தொழில்களைக் கெடுக்கும் ஐந்து பெரும் பிழைகளுள் ஒன்றாகக் கிரயத்தின்வழி விலை குறித்தலைச் சேர்த்தமை இது கருதியே.

யப்பானியர் கண்ட வழி

இலக்குக் கிரயமிடல் ஒரு முறையாக உருப்பெற்றது யப்பானில். அங்கு அதற்கு வழங்கும் பெயர் ‘கெங்க கிககு’ என்பது. கிரயத்தைத் திட்டமிடல் என்பது அதன் பொருள். 1955இல் யப்பானிய அரசின் வர்த்தக, கைத்தொழில் அமைச்சு, சாதாரண மக்களும் வாங்கத்தக்க சிறு மோட்டார் வண்டி ஒன்றைப் பற்றிய கருத்தை முன்வைத்தது. அக்காலத்தில் ரொயோட்டா நிறுவனம் உருவாக்கத் தொடங்கிய சிறு வண்டிக்கு 1,000 டொலர் அளவிலான விலையே முதலில் இலக்காக வைக்கப்பட்டது. வண்டியின் வடிவம் பின்னரே அதற்கேற்ப அமைந்தது. ‘பப்ளிகா’ என்னும் அவ்வண்டி 1961இல் 389,000 யென் விலைக்கு விற்பனைக்கு வந்தது. ஒரு டொலருக்கு 360 யென் என்றிருந்த அன்றைய மாற்று வீதப்படி அது 1,080 டொலர் ஆகும். இலக்கு ஏறக்குறைய எய்தப்பட்டது.

ஆயினும் இவ்வரலாற்றிற் கற்கவேண்டிய பாடம் அதன்பின் நிகழ்ந்ததாகும். விலை மலிவாயிருந்தும் பப்ளிகா எதிர்பார்த்தவாறு விற்கவில்லை. வானொலியோ வெப்பமூட்டியோ இல்லாத அவ்வண்டி, மோட்டார் வண்டி வாங்குவதைத் தம் வாழ்வின் உயர்வாகக் கருதிய மக்களுக்கு வறியதாகத் தோன்றியது. 1963இல் அவ்வசதிகளைச் சேர்த்து உயர்ரக வடிவம் வெளிவந்த பின்னரே விற்பனை பெருகியது. பப்ளிகாவை வடிவமைத்த பொறியியலாளர் தத்சுவோ ஹசெகாவாவே 1966இல் வெளிவந்த ‘கொரொல்லா’வுக்கும் பொறுப்பாயிருந்தார். அவ்வண்டி பெற்ற பெருவெற்றி யாவரும் அறிந்தது. கிரயத்தை இலக்குக்குள் அடக்கினால் மட்டும் போதாது. வாங்குபவர் எதற்காகப் பணங் கொடுக்கின்றாரோ அதனைக் குறைக்காது அடக்குதல் வேண்டும் என்பதே பப்ளிகா தரும் பாடம்.

இலக்கை எய்தும் படிகள்

நீர்ப்பம்பித் தொழிற்சாலைக்குத் திரும்புக. இம்முறை முகாமையாளர் சந்தையிலிருந்து தொடங்குகின்றனர். 9,000 ரூபாய் விலைக்கு ஆண்டில் 10,000 பம்பிகள் விற்கும் என வியாபாரிகளை விசாரித்து அறிகின்றனர். விற்பனை விலையில் 20 வீதம் இலாபம் வேண்டும் என்பது நிறுவனத்தின் நியதி. கிரயத்தின்மேல் 25 வீதமும் விலையின்மேல் 20 வீதமும் ஒன்றே என்பதை மாணவர் மறத்தலாகாது. பரீட்சையிற் பலர் இடறுமிடம் இது. 9,000 ரூபாயில் 20 வீதம் 1,800 ரூபாய். எனவே அனுமதிக்கத்தக்க கிரயம் 7,200 ரூபாய். இப்போதைய வடிவத்தின்படி மதிப்பிட்ட கிரயம் 8,000 ரூபாய். இடைவெளி 800 ரூபாய்.

இந்த இடைவெளியை என் செய்வது என்பதிலேயே முறையின் உயிர் இருக்கின்றது. முதலில் மாறுங் கிரயம் உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்படுகின்றது. மோட்டர் 3,000, வெளிக்கூடு 1,400, இறைப்புச் சக்கரமும் தண்டும் 600, தண்டின் வழியே நீர் கசியாது தடுக்கும் சீல் 200, பூட்டுங் கூலியும் பொதி கட்டலும் 800. ஆக 6,000 ரூபாய். பின்னர் ஒவ்வோர் உறுப்பும் வாங்குபவருக்கு எப்பணியைச் செய்கின்றது, அப்பணியை வேறெவ்வாறு செய்விக்கலாம் என்று வினவப்படுகின்றது. இவ்விசாரணை பெறுமதிப் பொறியியல் எனப்படும். இதன் மூலக் கருத்தை 1947ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தில் உருவாக்கியவர் லோறன்ஸ் மைல்ஸ் என்பவர். வடிவமைப்பாளர், கொள்வனவாளர், விற்பனையாளர், கணக்காளர் ஆகியோர் ஒரு மேசையில் இருந்து இதனைச் செய்தல் வேண்டும். கணக்காளர் தனித்திருந்து செய்யத்தக்கதன்று.

அவர்கள் கண்டவை இவை எனக் கொள்க. மோட்டரின் உடல், நிறுவனத்தின் வேறொரு பம்பிக்கும் பொருந்துவதாக அமைக்கப்பட்டால் 300 ரூபாய் குறையும். வெளிக்கூட்டின் கனம் தேவைக்கு மிஞ்சியது. அதனைக் குறைத்து, கடைச்சற் பிடிக்கும் பரப்பையுஞ் சுருக்கினால் 350 ரூபாய் குறையும். எட்டுத் திருகாணிகள் நின்ற இடத்தில் நான்கு போதுமாதலின் பூட்டுங் கூலியில் 100 ரூபாய் குறையும். இவற்றால் 750 ரூபாய் தேறுகின்றது. எஞ்சிய 50 ரூபாய்க்கு இடங் காணாது, மலிவான சீல் ஒன்றைத் தெரிவு செய்கின்றனர். மாறுங் கிரயம் 5,200 ரூபாய். நிலையான கிரயத்தோடு 7,200 ரூபாய். இலக்கு எய்தப்பட்டது. கூட்டத்தினர் மகிழ்ச்சியோடு எழுந்து செல்கின்றனர். அந்த ஐம்பது ரூபாயைப் பற்றிப் பின்னர் பேசவேண்டியுள்ளது.

இடைவெளியைப் பொய்யாக அடைக்கும் வழிகளும் உள. ஆண்டு விற்பனை 10,000 அன்று, 16,667 என எழுதிவிட்டால் நிலையான கிரயம் ஒன்றுக்கு 1,200 ரூபாயாகி, ஒரு திருகாணியையும் மாற்றாமலே 800 ரூபாய் மறைந்துவிடும். நிலையான கிரயத்தில் ஒரு பகுதியை வேறு பொருளின் கணக்கிற்கு மாற்றினும் இதுவே நிகழும். உறுப்பு வழங்குவோரை நெருக்கி விலை குறைப்பித்தல் மூன்றாவது வழி. அது சில காலம் உண்மையான குறைப்பாகவே காணப்படும், பின்னர் உறுப்பின் தரத்தில் வெளிப்படும். எனவே இலக்கு எய்தப்பட்டது எனும் அறிக்கையைக் காணும் மாணவர், வரைபடத்தில் எது மாறியது என்று கேட்டல் வேண்டும். வரைபடம் மாறாதிருக்கக் கிரயம் மட்டும் மாறியிருப்பின், அடைக்கப்பட்டது தாளிலுள்ள இடைவெளியே.

பம்பியின் முழு வாழ்நாள்

ஆண்டுக் கணக்கு, பம்பியின் வாழ்வைப் பன்னிரண்டு மாதத் துண்டுகளாக வெட்டுகின்றது. பம்பியோ விற்பனைக்கு இரண்டாண்டு முன்னரே வரைபடமாகப் பிறந்து, விற்பனை நின்ற பின்னரும் உதிரிப்பாகங்களாக வாழ்கின்றது. வாழ்க்கை வட்டக் கிரயமிடல் அதன் வரவு செலவு முழுவதையும் ஒரே கணக்கில் தொகுக்கின்றது.

விற்பனைக் காலம் நான்கு ஆண்டுகள். முதலாண்டு 10,000 பம்பிகளும், இரண்டாமாண்டு 12,000 பம்பிகளும் 9,000 ரூபாய் வீதம் விற்கும். போட்டி வந்தபின் மூன்றாமாண்டு 8,400 ரூபாய் வீதம் 10,000. இறுதியாண்டு 7,800 ரூபாய் வீதம் 8,000. ஆக 40,000 பம்பிகள். மொத்த வரவு 3,444 இலட்சம் ரூபாய். சராசரி விலை 8,610 ரூபாய். 9,000 ரூபாய் என்று தொடங்கிய விலை வாழ்நாள் முழுவதும் அவ்வாறு நில்லாமை முதலிற் கவனிக்கத்தக்கது.

செலவில், மாறுங் கிரயம் 2,080 இலட்சம். நான்காண்டு நிலையான கிரயம் 800 இலட்சம். இவையே முன்னர் 7,200 ரூபாய் என்னும் எண்ணுள் அடங்கியவை. இவற்றின்மேல், வடிவமைப்புக்கும் அச்சுகளுக்கும் பரிசோதனைக்கும் விற்பனைக்கு முன்னரே செலவாகும் 240 இலட்சம்; விற்பனை முடிந்தபின் உதிரிப்பாகங்களைப் பேணுவதற்கு 40 இலட்சம்; உத்தரவாதக் காலத்தில் திரும்பிவரும் பம்பிகளைத் திருத்துஞ் செலவு. மலிவான சீலோடு 12 வீதமான பம்பிகள், அதாவது 4,800, கசிவுற்றுத் திரும்பும் என்றும், ஒன்றைத் திருத்த 2,500 ரூபாய் ஆகும் என்றுங் கொண்டால், அச்செலவு 120 இலட்சம். எல்லாஞ் சேர்ந்து 3,280 இலட்சம். ஒரு பம்பிக்கு 8,200 ரூபாய். 7,200 ரூபாய்க் கிரயம் என்று மகிழ்ந்த கூட்டத்தினர் கணக்கிற் சேராதிருந்தது ஒரு பம்பிக்கு ஆயிரம் ரூபாய்.

இப்போது அந்த ஐம்பது ரூபாயை நோக்குக. 40,000 பம்பிகளில் மலிவான சீல் மீதப்படுத்தியது 20 இலட்சம். பழைய சீலோடு 3 வீதமான பம்பிகளே திரும்பியிருக்கும். 1,200 பம்பிகளுக்கு 30 இலட்சமே ஆகியிருக்கும். எனவே 20 இலட்சத்தை மீதப்படுத்துதற்கு 90 இலட்சம் மேலதிகமாகச் செலவிடப்பட்டது. ஆண்டுக் கணக்கில் இவ்வுண்மை எளிதில் வெளிப்படாது. மீதம் உற்பத்திப் பிரிவின் ஏட்டில் முதலாண்டே புகழோடு பதியப்படும். திருத்தச் செலவு வேறொரு பிரிவின் ஏட்டில், வேறோர் ஆண்டில், காரணங் குறிக்கப்படாது பதியப்படும். மீதப்படுத்தியவரும் இழந்தவரும் வேறாயிருக்கும்போது பிழை வெளிப்படுவதில்லை.

பழைய சீலை மீண்டும் வைப்பின் மொத்தச் செலவு 3,210 இலட்சமாகவும், இலாபம் 234 இலட்சமாகவும் அமையும். இது வரவில் 7 வீதத்திற்கும் சற்றுக் குறைவு. நியதியோ 20 வீதம். வாழ்நாள் முழுவதுக்கும் அனுமதிக்கத்தக்க கிரயம் 8,610 ரூபாயில் 80 வீதமாகிய 6,888 ரூபாய். மதிப்பிட்ட கிரயம் 8,025 ரூபாய். உண்மையான இடைவெளி முன்னர் எண்ணிய 800 ரூபாயன்று. எல்லாக் குறைப்புகளுக்குப் பின்னரும் எஞ்சிய 1,137 ரூபாய். இவ்வுண்மை அச்சுகள் வார்க்கப்படுமுன் தெரிந்தாலே பயனுண்டு. விற்பனைக்கு முன் கைவிட்டுச் செலவானது 240 இலட்சமே. மொத்தத்தில் ஏறத்தாழ 7½ வீதம். ஆனால் எஞ்சிய செலவின் பெரும்பகுதி கூட்டின் கனத்தாலும், மோட்டரின் உடலாலும், சீலின் தரத்தாலும் அப்பொழுதே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. செலவிடுதல் வேறு, செலவுக்குக் கட்டுப்படுதல் வேறு. வழக்கமான கணக்கீடு முன்னையதை எழுதுகின்றது. கட்டுப்படுத்தும் வாய்ப்போ பின்னையதில் இருக்கின்றது.

வாங்குபவரின் கணக்கு

வாழ்க்கை வட்டக் கிரயத்திற்கு மற்றுமொரு பொருளும் உண்டு. 1960களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையினர், தளபாடங்களைக் கொள்வனவு விலையால் மட்டும் ஒப்பிடாது, பேணும் செலவையுஞ் சேர்த்து ஒப்பிடத் தொடங்கியபோது இப்பொருளே முன்னின்றது. பம்பியை வாங்குந் தோட்டக்காரரின் கணக்கும் இத்தகையது. முக்கால் கிலோவாற்று மின்வலுவைக் கொள்ளும் பம்பியை நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், ஆண்டில் 300 நாள் இயக்கினால் 675 அலகு மின்சாரம் செலவாகும். எட்டாண்டில் அது 5,400 அலகு. அலகொன்று 30 ரூபாய் எனக் கொண்டால் 162,000 ரூபாய். பம்பியின் விலை இதன்முன் மிகச் சிறிது. பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தை மீதப்படுத்தும் பம்பி 16,200 ரூபாயை அவருக்கு மீதப்படுத்தும்.

இங்கு இரு முறைகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. மோட்டருக்கு மேலும் 500 ரூபாய் செலவிட்டு அத்தகைய பம்பியைச் செய்ய இயலுமாயின், அம்மீதத்தை அறிந்த வாங்குபவர் விலையில் 1,500 ரூபாய் கூடக் கொடுக்க இசையலாம். அப்போது இடைவெளி கிரயத்தைக் குறைப்பதனாலன்றி, கிரயத்தைக் கூட்டுவதனாற் சுருங்குகின்றது. ஆனால் வாங்குபவர் அம்மீதத்தை நம்பினாலே இது நிகழும். கடையில் விலைச்சீட்டு மட்டுங் காணும் ஒருவருக்கு எட்டாண்டு மின்கட்டணம் கண்ணிற் படுவதில்லை.

எல்லைகள்

இம்முறைகளுக்கும் எல்லைகள் உள. நான்காண்டுக்குப் பின் வரும் விலையும், திரும்பிவரும் பம்பிகளின் வீதமும் மதிப்பீடுகளே. முன்னர் வந்த பொருளோடு ஒப்பிட முடியாத புதுப்பொருளுக்குச் சந்தை விலை காண்டல் அரிது. முன்கூட்டிச் செலவிட்ட 240 இலட்சத்திற்கு வட்டியுங் கணக்கிடல் வேண்டும். ஆண்டுக்கு 10 வீதமாயின் இரண்டாண்டில் அது 290 இலட்சமாகின்றது. இலக்கைத் தொடர்ந்து இறுக்குவதனால் வடிவமைப்பாளர் களைப்புறுவதை யப்பானிய ஆய்வாளரே சுட்டியுள்ளனர். அன்றியும், 20 வீதம் எய்தாத பம்பியைக் கைவிடுவதா என்னும் வினாவுக்கு இடைவெளி மட்டும் விடை தராது. ஆண்டுதோறும் ஏற்படும் 200 இலட்சம், பம்பியைக் கைவிடினும் தொடருமாயின், கைவிடுதலால் நிறுவனம் இழப்பது 234 இலட்சமன்று; 1,034 இலட்சம். அச்செலவு பம்பியோடு ஒழியுமாயின் முடிவு வேறு.

ஆதலின், கிரயம் யாது என்று ஒருவர் கேட்கும்போது, எவ்வளவு விற்பனைக்கு, எவ்வாண்டு முதல் எவ்வாண்டு வரை, எவருடைய கைப்பணம் என்ற மூன்றையும் திருப்பிக் கேட்பவரே கணக்காளர். கூட்டும் முறை முதல் வினாவை மறந்தது. ஆண்டுக் கணக்கு இரண்டாவதை மறந்தது. ஐம்பது ரூபாய்ச் சீலைத் தெரிந்த கூட்டத்தினர் மூன்றாவதை மறந்தனர்.